‘அளவில்லா’ இணையம், ஐந்தே ஜிபி ஹாட்ஸ்பாட்: இரண்டு திட்டங்களை ஒப்பிட்ட மாணவியின் கதை

திங்கட்கிழமை இரவு மணி 11.30. கோல சிலாங்கூர் பக்கம் உள்ள ஒரு தோட்டத்து வீட்டில், டிப்ளோமா இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் மடிக்கணினி முன் அமர்ந்திருந்தார். இடுபணியை 11.59க்குள் அனுப்ப வேண்டும். கோப்பு 20 எம்பிதான். ஆனால், அனுப்பும் கோடு நகரவே இல்லை. பக்கத்து அறையில் அவருடைய அண்ணன் அதே நிறுவனத்தின் சிம் கார்டில் தடையில்லாமல் படம் பார்த்துக் கொண்டிருந்தார். மாணவியின் கைப்பேசியிலும் காணொளி நன்றாகவே ஓடியது. மடிக்கணினி மட்டும் திணறியது.

எட்டு நாளுக்கு முன்புதான் அந்தத் திட்டத்தை வாங்கியிருந்தார். மாதம் 35 ரிங்கிட், ‘அளவில்லா இணையம்’ என்று கடை வாசலில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. பால்மரம் வெட்டும் அம்மாவின் சம்பளத்தில் இருந்து வரும் பணம் என்பதால், பக்கத்தில் இருந்த 45 ரிங்கிட் திட்டத்தை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதில் 60 ஜிபி என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அளவில்லாதது 35, அளவுள்ளது 45 என்றால் யார்தான் இரண்டாவதை எடுப்பார்கள்?

அவர் வீட்டில் கம்பிவழி இணையம் இல்லை. கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து, அதில் மடிக்கணினியை இணைத்துத்தான் வகுப்புகளுக்குப் போகிறார். பிரச்சினை அங்கேதான் இருந்தது. அந்த ‘அளவில்லா’ என்பது கைப்பேசித் திரைக்கு மட்டுமே பொருந்தும். ஹாட்ஸ்பாட் வழியாக 30 நாளுக்கு 5 ஜிபி மட்டும். அதைத் தாண்டினால் மடிக்கணினிக்குப் போகும் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகக் குறைக்கப்படும். விளம்பரத்தில் இருந்த சின்ன நட்சத்திரக் குறிக்குப் பின்னால், விதிமுறைப் பக்கத்தின் அடியில் இது எழுதப்பட்டிருந்தது.

64 கேபிபிஎஸ் என்றால் எவ்வளவு மெதுவு? ஒரு எம்பியை அனுப்பவே இரண்டு நிமிடத்திற்கு மேல் ஆகும். 20 எம்பி கோப்புக்கு ஏறக்குறைய 42 நிமிடம். 11.30க்குத் தொடங்கியவருக்கு 11.59 போதாது. இடுபணி தாமதமானது, மதிப்பெண்ணும் குறைந்தது.

5 ஜிபி எட்டே நாளில் எப்படித் தீர்ந்தது?

மறுநாள் மாணவி ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். வாரத்தில் நான்கு இணையவழி வகுப்புகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். மொத்தம் 6 மணி நேரம். காணொளி வகுப்பு விநாடிக்கு ஒன்றரை மெகாபிட் இழுத்தால், ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 0.7 ஜிபி செலவாகும். ஆக, வாரத்துக்கு 4.2 ஜிபி. முதல் வாரம் முடிந்ததும் மிஞ்சியது 0.8 ஜிபி மட்டும். எட்டாம் நாள், திங்கட்கிழமை வகுப்பு முடியும் தறுவாயில் விரிவுரையாளரின் படம் உறைந்து நின்றதற்குக் காரணம் இதுதான். அப்போது, “லைன் சரியில்லை” என்று நினைத்து அவர் விட்டுவிட்டார்.

மாதக் கணக்கில் பார்த்தால் வகுப்புக்கு மட்டும் 17 ஜிபி வேண்டும். 35 ரிங்கிட் திட்டத்தில் கூடுதல் ஹாட்ஸ்பாட் 5 ஜிபிக்கு 6 ரிங்கிட். இன்னும் 12 ஜிபி வேண்டுமென்றால் மூன்று முறை வாங்க வேண்டும். மொத்தம் 53 ரிங்கிட். 45 ரிங்கிட் திட்டத்திலோ 60 ஜிபியையும் எந்த வழியிலும் செலவழிக்கலாம், ஹாட்ஸ்பாட்டுக்குத் தனிக் கணக்கு இல்லை. மலிவு என்று எடுத்தது அவருக்கு 8 ரிங்கிட் அதிகம்.

அதற்காக 35 ரிங்கிட் திட்டம் மோசம் என்று சொல்லிவிட முடியாது. அவருடைய அண்ணன் வேலை முடிந்து வந்து கைப்பேசியிலேயே படம் பார்ப்பவர். அவருக்கு மாதம் 60 ஜிபி போதாது, ஹாட்ஸ்பாட்டும் தேவையில்லை. அவருக்கு 35தான் சரி. ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு இரண்டு விடை.

நிறுவனத்துக்கு எப்படித் தெரிகிறது?

“என் சிம், என் கைப்பேசி. மடிக்கணினியில பார்க்கிறேன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று மாணவி கேட்டார். இணையத்தில் போகும் ஒவ்வொரு தரவுத் துண்டிலும் ஓர் எண் இருக்கும். ஒரு கருவியைக் கடக்கும்போதெல்லாம் அது ஒன்று குறையும். கைப்பேசியில் வழக்கமாக 64இல் தொடங்கும், விண்டோஸ் கணினியில் 128இல் தொடங்கும். கணினியின் தரவு கைப்பேசியைத் தாண்டி வரும்போது 127 ஆகிவிடும். நிறுவனம் இந்த எண்ணைப் பார்த்தே வேறு கருவி இருப்பதைக் கண்டுகொள்ளலாம். இது ஒரு வழி. ஹாட்ஸ்பாட்டைத் திறந்ததும் சில கைப்பேசிகள் தாமே தனி வழியில் இணைவதும் உண்டு. யூஎஸ்பி கம்பியிலோ புளூடூத்திலோ இணையத்தைப் பகிர்ந்தாலும் ஹாட்ஸ்பாட் கணக்கில்தான் சேரும்.

கோபுரமா, ஹாட்ஸ்பாட் வரம்பா?

வைஃபை அடையாளம் முழுதாகவே காட்டும் என்பதால் பலரும் கோபுரத்தைத் திட்டுகிறார்கள். பிரித்தறிய ஒரே சோதனை போதும். கைப்பேசியில் fast.com திறந்து வேகத்தைப் பாருங்கள். பிறகு ஹாட்ஸ்பாட்டில் இணைந்த மடிக்கணினியில் பாருங்கள். இரண்டும் குறைவு என்றால் கோபுரமோ நெரிசலோ காரணமாக இருக்கலாம். கைப்பேசியில் நல்ல வேகம், மடிக்கணினியில் 64 கேபிபிஎஸ் என்றால் ஹாட்ஸ்பாட் அளவு தீர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். நிறுவனத்தின் செயலியில் மிச்ச அளவு தனியாகக் காட்டப்பட்டால் அங்கேயே உறுதிசெய்யலாம்.

அன்று இரவு மாணவிக்கு ஒரு வழி இருந்தது. மறுநாள் தோழி சொல்லித்தான் தெரிந்தது. “ஃபைலை கேபிள்ல ஃபோனுக்கு மாத்தி, ஃபோன்லேருந்தே அனுப்பியிருக்கலாமே!” கோப்பைக் கம்பி வழியாக நகலெடுப்பதற்கு இணையம் செலவாகாது. கைப்பேசியின் வேகமோ குறையவில்லை.

மாதம் முடியும்வரை அவர் வகுப்புகளைக் கைப்பேசித் திரையிலேயே பார்த்தார். குறிப்பெடுக்க மட்டும் மடிக்கணினி. பிறகு எண்ணை மாற்றாமலே 45 ரிங்கிட் திட்டத்துக்குப் போனார். நிறுவனம் மாறும்போது பழைய முன்கட்டணக் கணக்கில் மிச்சமுள்ள பணம் கூடவே வராது என்பதால், அதைத் தீர்த்துவிட்டே மாறினார். மடிக்கணினியின் வைஃபை அமைப்பில் Metered connection என்பதையும் திறந்து வைத்தார். விண்டோஸின் பெரும்பாலான புதுப்பிப்புகள் கேட்காமல் இறங்கி ஜிபியைத் தின்பதை அது தடுக்கும்.

இப்போது தோட்டத்தில் யார் சிம் வாங்கப் போனாலும் அவர் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்கிறார். ஹாட்ஸ்பாட்டுக்கு எத்தனை ஜிபி? அது மொத்த அளவுக்குள் அடங்கியதா, தனியா? தீர்ந்த பிறகு நின்றுவிடுமா, வேகம் குறையுமா? கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் விதிமுறைப் பக்கத்தில் Hotspot, Tethering, Fair Usage Policy என்ற சொற்களைத் தேடலாம். கடையில் சொன்னதும் விதிமுறையும் முரண்பட்டால், விளம்பரத்தைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு முதலில் நிறுவனத்திடம் புகார் செய்ய வேண்டும். அங்கே தீர்வு கிடைக்காவிட்டால் எம்சிஎம்சி எனப்படும் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் புகார் கொடுக்கலாம்.