முதல் பில் எப்போது போகும்?

கோவையில் பிவிசி பைப்பும் ஃபிட்டிங்குகளும் விற்கும் ஒரு மொத்தக் கடை என்று வைத்துக்கொள்வோம். இதுவரை அச்சடித்த பில் புத்தகத்தில் எழுதிக் கொடுத்து வந்தார்கள். ஒருநாள் மாலை, கூட்டம் குறைந்த நேரத்தில், முதலாளி ஒரு பில்லிங் மென்பொருளில் கணக்குத் தொடங்குகிறார். 15 நாள் இலவசம். உள்ளே போனதும் திரையின் ஓரத்தில் ஒரு செக்லிஸ்ட் காத்திருக்கிறது. நிறுவன விவரம், லோகோ, நிதியாண்டு, வங்கிக் கணக்கு, ஓப்பனிங் பேலன்ஸ், சரக்கு இருப்பு, வாடிக்கையாளர் பட்டியல், ஊழியர்களுக்கு லாகின், பில் வடிவம், அறிமுக வீடியோ என்று அது நீள்கிறது. ‘முதல் பில் போடுங்கள்’ என்பது கடைசி வரி.

முதல் நான்கையும் முடித்துவிடுகிறார். ஓப்பனிங் பேலன்ஸில் வந்து நிற்கிறார். யாரிடமிருந்து எவ்வளவு வரவேண்டும், யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்ற கணக்கு ஆடிட்டரிடம் இருக்கிறது. மறுநாள் மென்பொருள் நிறுவனத்திலிருந்து போன் வருகிறது. “ஆடிட்டரைக் கேட்டுட்டுச் சொல்றனுங்க” என்கிறார். கேட்பதில்லை. 15 நாளும் ஓடிவிடுகிறது. மென்பொருளில் ஒரு குறையும் இல்லை. அவர் அதைப் பயன்படுத்திப் பார்க்கவே இல்லை.

புது வாடிக்கையாளரை மென்பொருளுக்குள் கொண்டுவந்து பழக்கும் இந்த வேலைக்கு ஆன்போர்டிங் என்று பெயர். சோஹோவும் ஃப்ரெஷ்வொர்க்ஸும் வளர்ந்த சென்னையில் இதையே முழுநேர வேலையாகச் செய்பவர்கள் பலர். அவர்கள் கண் வைத்திருக்கும் அளவு ஒன்று உண்டு: கணக்குத் தொடங்கியதிலிருந்து, அந்த மென்பொருளால் வாடிக்கையாளருக்கு முதன்முதலாக ஒரு காரியம் ஆகும்வரை எவ்வளவு நேரம் பிடித்தது? நல்ல செக்லிஸ்ட் இந்த நேரத்தைக் குறைக்கும். மேலே சொன்னது போன்ற பட்டியல் அதை நீட்டும். காரணம் எளிது. அதன் வரிசை மென்பொருளின் மெனுவைப் பார்த்து எழுதப்பட்டது. ஒவ்வொரு பிரிவும் தன் பங்குக்கு ஒரு வரியைச் சேர்த்திருக்கும். லோகோ ஏற்றும் வசதியைச் செய்தவருக்கு லோகோ முக்கியம்தானே!

இதைத் திருத்துபவர் கடைசி வரியிலிருந்து பின்னோக்கி வரவேண்டும். நம் பைப் கடைக்கு முதல் பலன் எது? ஒரு நிஜ வாடிக்கையாளருக்கு, சரியான வரியோடு ஒரு நிஜ பில் வாட்ஸ்அப்பில் போய்ச் சேர்வது. அதற்கு முந்தைய நிமிடத்தில் என்னவெல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்று கேட்டுப் பார்த்தால் பட்டியல் மளமளவென்று சுருங்கும். விற்பவரின் ஜிஎஸ்டி எண், பில் எண் எதிலிருந்து தொடங்கும் என்ற முடிவு, ஒரு வாடிக்கையாளர், ஒரு பொருள், அனுப்பும் பொத்தான். இந்த ஐந்து போதும்.

ஜிஎஸ்டி எண்ணை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்த 15 எழுத்துகளில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். எண்ணைத் தட்டினாலே கடை எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பது மென்பொருளுக்குத் தெரிந்துவிடும். அரசின் ஜிஎஸ்டி தளத்தில் தேடிப் பதிவுப் பெயரையும் எடுத்துக்கொள்ளலாம். அதாவது ஒரு வரி நிரப்பினால் மூன்று நான்கு கேள்விகள் தானாக விழுந்துவிடும். சரக்கு ஈரோட்டுக்குப் போகிறதென்றால் 10,000 ரூபாய் பைப்புக்கு 18 சதவீத வரியில் மத்திய வரி 900, மாநில வரி 900. அதே சரக்கு பாலக்காட்டுக்குப் போனால் ஒரே வரியாக 1,800, ஐஜிஎஸ்டி என்ற பெயரில். இந்தக் கணக்கை முதலாளி தலையில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. மென்பொருள் இதைத் தானாகச் சரியாகப் போடுவதைக் கண்ணால் பார்க்கும் இடத்தில்தான் அவருக்கு அதன்மேல் நம்பிக்கை வருகிறது.

இரண்டாவது வரியான பில் எண்ணை, பார்க்கச் சின்ன விஷயம் என்று பின்னால் தள்ளிவிடுவார்கள். தள்ளக்கூடாது. ஜிஎஸ்டி விதி 46-ன்படி பில் எண் 16 எழுத்துக்கு மேல் போகக்கூடாது, தொடர்வரிசையில் இருக்க வேண்டும், ஒரே நிதியாண்டில் ஓர் எண் இரண்டு முறை வரக்கூடாது. பில் புத்தகத்தில் 412 வரை எழுதியவர், மென்பொருளில் அது பாட்டுக்கு 1 என்று தொடங்கினால் ஆண்டின் நடுவில் மாட்டிக்கொள்வார். ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகள் வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. ஆகவே ‘பழைய எண்ணைத் தொடரலாமா, `A/0001` என்று புது வரிசை தொடங்கலாமா?’ என்று ஒரே கேள்வியாகக் கேட்டு முடித்துவிடலாம். எதை ஒத்திப்போடலாம் என்பதற்கு நான் வைக்கும் சோதனையும் இதுதான்: பிறகு மாற்றினால் ஏற்கெனவே அனுப்பிய தாள் தப்பாகுமா? லோகோவைப் பிறகு மாற்றினால் ஒன்றும் ஆகாது. பில் எண்ணை மாற்றினால் ஆகும்.

இதோடு ஒட்டிய இன்னொரு சிக்கல், ‘சும்மா ஒரு பில் போட்டுப் பாருங்கள்’ என்று சொல்வது. டெஸ்ட் என்ற பெயரில் ஒரு ரூபாய்க்குப் போட்ட பில்லும் ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளும். கவனிக்காமல் விட்டால் மாதக் கடைசியில் ஜிஎஸ்டிஆர்-1 கணக்கில் போய் உட்காரும். விளையாடிப் பார்க்க வேண்டுமென்றால் தனியாக ஒரு மாதிரிக் கடையைத் திறந்து கொடுக்க வேண்டும். அல்லது இன்று நிஜமாக விற்ற ஒரு பொருளுக்கே முதல் பில்லைப் போடச் சொல்ல வேண்டும். நான் இரண்டாவதையே சொல்வேன். மாதிரிக் கடையில் போட்ட பில்லால் யாருக்கும் பணம் வரப்போவதில்லை.

ஆட்கள் அதிகம் கைவிடும் இடம் சரக்குப் பட்டியல். பைப் கடையில் அளவும் தரமும் மாற மாற, முழங்கை, டீ, ரெட்யூசர் என்று ஆயிரம் வகைக்கு மேல் இருக்கும். எல்லாவற்றையும் எக்செல் கோப்பில் போட்டு ஏற்றுங்கள் என்று செக்லிஸ்ட் சொல்லும். எக்செல் தன் வேலையைக் காட்டும். 13 இலக்க பார்கோடு `8.90E+12` என்று சுருங்கிவிடும். 0402 போலச் சுழியத்தில் தொடங்கும் எச்எஸ்என் குறியீடு 402 ஆகிவிடும். ஒரே பொருளுக்கு ஓரிடத்தில் ‘நம்பர்’, இன்னோரிடத்தில் ‘பீஸ்’ என்று அலகு எழுதியிருப்பார்கள். கோப்பை ஏற்றியதும் 300 வரிகளில் பிழை என்று சிவப்பாக ஒரு செய்தி வரும். கடைக்காரர் மடிக்கணினியை மூடிவிடுவார்.

நேற்றைய பில்களில் அடிக்கடி வந்த பத்துப் பொருள்களை மட்டும் கையால் பதியச் சொல்வதே வழி. பெயர், விலை, வரி, எச்எஸ்என். பைப்புக்கும் அதன் ஃபிட்டிங்குகளுக்கும் எச்எஸ்என் 3917. ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்குள் இருப்பவருக்கு இந்த நான்கு இலக்கமே போதும், அதைத் தாண்டினால் ஆறு வேண்டும். முழுப் பட்டியலை அடுத்த வாரம் நிறுவனத்து ஆள் ஒருவர் கூட இருந்து ஏற்றித் தரலாம். ஓப்பனிங் பேலன்ஸும் அப்படித்தான். செக்லிஸ்டில் அந்த வரியை ‘ஆடிட்டருக்கு அனுப்பு’ என்ற பொத்தானாக மாற்றிவிட்டால் அது முதலாளியின் வழியை மறிக்காது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே அதைச் செய்யப்போகிறவர் யார் என்று இருந்தாலே பாதித் தேக்கம் போய்விடும் என்பது என் கணிப்பு. முதலாளியால் ஆகாத வேலையை முதலாளியின் பட்டியலில் வைத்துக் காத்திருப்பதில் என்ன பயன்?

ஒரு வரி முடிந்தது என்ற டிக் எப்போது விழ வேண்டும் என்பதிலும் ஏமாற்று நடக்கும். வீடியோவைத் திறந்தால் டிக், பக்கத்தைப் பார்த்தால் டிக் என்று வைத்தால் எல்லாம் பச்சையாகத் தெரியும், ஒரு பில்லும் போயிருக்காது. பில் அனுப்பப்பட்டது என்று கணினி பதிந்த பிறகே டிக் விழ வேண்டும். ஆனால் தொடக்கத்திலேயே நியாயமாக விழக்கூடிய டிக் ஒன்று உண்டு: ‘கணக்குத் தொடங்கியாயிற்று’. இதற்கு ஆராய்ச்சி ஆதரவும் இருக்கிறது. ஜோசப் நூனெஸ், சேவியர் ட்ரெஸ் என்ற இருவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் கார் கழுவும் நிலைய வாடிக்கையாளர்களுக்கு அட்டைகள் கொடுத்தார்கள். சிலருக்கு எட்டு முத்திரை சேர்த்தால் ஒரு முறை இலவசம். மற்றவர்களுக்குப் பத்து முத்திரை, அதில் இரண்டு முன்பே குத்தியிருக்கும். சேர்க்க வேண்டியது இருவருக்கும் எட்டுதான். முதல் வகையில் 19 சதவீதம் பேர் அட்டையை நிரப்பினார்கள், இரண்டாவதில் 34 சதவீதம். பாதி வழி வந்துவிட்டோம் என்ற எண்ணம் ஆளை நகர்த்துகிறது. அதற்காகச் செய்யாத வேலைக்கெல்லாம் டிக் போட்டுக் காட்டினால் கடைக்காரர் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவார்.

பட்டியலைத் திருத்திய பிறகு பலன் கிடைத்ததா என்று பார்ப்பதில் சராசரி நம்மை ஏமாற்றும். ஐந்து கடைகள் முதல் பில் போட எடுத்த நேரம் முறையே 1, 1, 2, 3, 43 மணி என்று வையுங்கள். சராசரி 10 மணி. அந்த ஐவரில் யாருக்கும் 10 மணி ஆகவில்லை. வரிசையில் நடுவில் நிற்கும் 2 மணிதான் உண்மைக்குப் பக்கம். இந்தக் கணக்கிலும் ஓர் ஓட்டை இருக்கிறது: பில்லே போடாமல் போனவர்கள் இதில் வரமாட்டார்கள். அதனால் கணக்குத் தொடங்கிய 100 பேரில் எத்தனை பேர் ஏழு நாளுக்குள் முதல் பில் அனுப்பினார்கள் என்ற எண்ணையும் பக்கத்தில் வைத்தே படிக்க வேண்டும். பழைய பட்டியலில் வந்தவர்களை மார்ச்சிலும் புதியதில் வந்தவர்களை ஏப்ரலிலும் எடுத்து ஒப்பிடக் கூடாது. புது நிதியாண்டு பிறக்கும்போது வருபவர் ஏற்கெனவே மாறும் முடிவோடு வருகிறார். எந்தப் பட்டியலும் அவரிடம் ஜெயிக்கும். ஒரே வாரத்தில் வருபவர்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து இரண்டையும் காட்டுவதே சரி.

வேகம் மட்டுமே குறியாகிவிட்டால் வேறு வழியில் அடி விழும். முதல் பில் பத்து நிமிடத்தில் போயிருக்கும், எச்எஸ்என் தப்பாக இருக்கும். மாதாமாதம் கணக்கு கொடுப்பவருக்கு அடுத்த மாதம் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 கெடு. 10-ஆம் தேதி இரவு ஆடிட்டர் சத்தம்போடுவார். எனவே முதல் பில்லோடு இன்னொரு அளவையும் பார்ப்பது வழக்கமாக வேண்டும்: இரண்டாவது வாரத்திலும் அந்தக் கடை பில் போடுகிறதா, முதல் ஜிஎஸ்டிஆர்-1 திருத்தமில்லாமல் போனதா? இவை கெட்டுப்போய் முதல் அளவு மட்டும் நன்றாக இருந்தால், பட்டியலில் வெட்டக்கூடாத ஒன்றை வெட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

சட்டத்தால் சுருக்க முடியாத வேலைகளும் உண்டு. ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய நிறுவனம் மற்ற நிறுவனங்களுக்கு விற்கும்போது இ-இன்வாய்ஸ் கட்டாயம். அவர்களுக்கு அரசுத் தளத்தில் இணைப்பு அனுமதி வாங்காமல் முதல் பில்லே செல்லாது. அப்படிப்பட்டவருக்கு ஐந்து வரிப் பட்டியலைக் காட்டுவது தவறு. ‘உங்கள் விற்றுமுதல் 5 கோடிக்கு மேலா?’ என்ற ஒரு கேள்வியை ஆரம்பத்தில் வைத்து ஆளுக்கேற்ற பட்டியலைத் திறப்பதே முறை.

கடைக்கு மென்பொருள் வாங்கப் போகிறவர்கள் விற்க வருபவரிடம் வசதிகளின் பட்டியலைக் கேட்காதீர்கள். உங்கள் ஜிஎஸ்டி எண்ணையும் இன்றைக்கு விற்ற ஒரு பொருளையும் கொடுத்து, அவர் எதிரிலேயே உட்கார்ந்து ஒரு பில் அனுப்பிக் காட்டச் சொல்லுங்கள். ஆண்டுச் சந்தாவைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.