மருந்துச் சீட்டு சொல்லாதவை

காவிரிப் படுகையில் ஒரு சிற்றூர். முப்பது ஆண்டுகளாக அங்கே கிளினிக் நடத்திய டாக்டர் ஓய்வு பெறுகிறார். இளைய டாக்டர் ஒருவர் இடத்தை எடுத்துக்கொள்கிறார். முதல் வாரத்திலேயே 67 வயதுப் பெண்மணி ஒருவர் வந்து உட்காருகிறார். பிளாஸ்டிக் கவரிலிருந்து சீட்டை எடுத்து நீட்டுகிறார். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், லினாகிளிப்டின். ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன். 2019-ல் இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததால் ஆஸ்பிரின், அட்டோர்வாஸ்டாடின். மொத்தம் ஐந்து மாத்திரைகள்.

புதியவர் கண்ணில் இரண்டு எண்கள் உறுத்தும். மூன்று மாத சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ1சி 7.8. ரத்த அழுத்தம் 144/84. இரண்டையும் இன்னும் கொஞ்சம் குறைக்கலாமே என்று எந்த டாக்டருக்கும் தோன்றும். சர்க்கரைக்கு வலுவான மாத்திரை ஒன்று, அழுத்தத்துக்கு டெல்மிசார்டனோடு தண்ணீர் மாத்திரையும் சேர்ந்த கூட்டு மாத்திரை. இரண்டுமே மருந்துக்கடையில் மலிவாகக் கிடைப்பவை, பலருக்குப் பலன் தருபவை. ஆனால் இந்தப் பெண்மணிக்கு இரண்டும் ஏற்கெனவே கொடுக்கப்பட்டு, இரண்டுமே அவரை ஆபத்தில் கொண்டுபோய் விட்டவை. அந்த விவரம் சீட்டில் இல்லை. நிறுத்திய மருந்து சீட்டிலிருந்து மறைந்துவிடுகிறது. ஏன் நிறுத்தினோம் என்பதும் அதோடு போய்விடுகிறது.

ஓய்வு பெறும் குடும்ப டாக்டர் எழுதும் ஒப்படைப்புக் கடிதம் இந்த இடைவெளியை நிரப்புவதற்குத்தான். மேலே சொன்ன பெண்மணி ஓர் எடுத்துக்காட்டு. நம் ஊர்க் கிளினிக்குகளில் அடிக்கடி காணும் நிலைமைகளைச் சேர்த்து அமைத்தது. அவருக்காக ஒரு நல்ல கடிதம் எப்படி எழுதப்படும் என்று பார்க்கலாம். வழக்கத்தில் இது ஆங்கிலத்தில் இருக்கும், இங்கே தமிழில்.

கடிதத்தின் தொடக்கம் சுருக்கமானது: "19 ஆண்டுகளாக சர்க்கரை நோய். 15 ஆண்டுகளாக ரத்தக் கொதிப்பு. சிறுநீரகம் பாதி வேகத்தில் வேலை செய்கிறது: கிரியாட்டினின் 1.4, ஈ.ஜி.எஃப்.ஆர் 41, ஓராண்டாக ஏறவில்லை. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். கணவர் இல்லை, இரவில் வீட்டில் தனியாக இருக்கிறார்."

கடைசி வாக்கியம் நோயைப் பற்றியது அல்ல என்று தோன்றலாம். ஆனால் அடுத்து வரும் முடிவுகள் அதில்தான் நிற்கின்றன.

"எச்.பி.ஏ1சி 7.5-க்கும் 8-க்கும் இடையில் இருந்தால் போதும் என்று நாங்கள் இருவரும் பேசி முடிவு செய்தோம். நான்கு ஆண்டுகளுக்கு முன் கிளிபென்கிளமைடு எடுத்து வந்தார். ஏகாதசி விரதத்தன்று சாப்பிடாமல் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டார். மறுநாள் விடியற்காலையில் பால்காரர் கதவைத் தட்டியபோது உடம்பெல்லாம் வியர்த்து, பேச்சு குழறிக் கிடந்தார். சர்க்கரை 38. குளுக்கோஸ் ஏற்றியதும் தெளிந்தார். சில மணி நேரத்தில் மறுபடி இறங்கியது."

மறுபடி இறங்கியதற்குக் காரணம் உண்டு. கிளிபென்கிளமைடு கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டும் மருந்து. சாப்பிட்டோமா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. அதன் கழிவுப் பொருள்களுக்கும் சர்க்கரையைக் குறைக்கும் திறன் உண்டு; சிறுநீரகம் தளர்ந்தவர் உடம்பில் அவை வெளியேறாமல் நீண்ட நேரம் தங்கிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலே இதை 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஏற்றதல்ல என்று குறிப்பிடுகிறது. முதியவர்களில், பல நோய்கள் ஒன்றுசேர்ந்தவர்களுக்கு எச்.பி.ஏ1சி 8-க்குக் கீழே இருந்தால் போதும் என்பது அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் பரிந்துரை. இப்போது இவர் எடுக்கும் இரண்டு சர்க்கரை மாத்திரைகளும் தனியாக லோ சுகரை வரவழைப்பது அரிது. ஆகவே 7.8 என்ற எண் கவனக்குறைவால் வந்தது அல்ல. தனியாகத் தூங்கும், விரதம் விட மறுக்கும் ஒருவருக்காக யோசித்து வைத்த எண்.

மெட்ஃபார்மினுக்கும் ஒரு வரி வேண்டும். "நாளைக்கு மொத்தம் 1000 மி.கி. மட்டும். ஈ.ஜி.எஃப்.ஆர் 30-க்குக் கீழே போனால் நிறுத்திவிடுங்கள்." அளவு ஏன் குறைவு என்று எழுதாவிட்டால், குறைவாக இருப்பதாலேயே அடுத்தவர் கூட்டிவிடுவார்.

இரண்டாவது சம்பவம் முழங்கால் வலியில் தொடங்கியது. அப்போது அவர் டெல்மிசார்டனும் தண்ணீர் மாத்திரையும் சேர்ந்த கூட்டு மாத்திரையில் இருந்தார். வலி தாங்காமல் தெருமுனை மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் பத்து நாள் போட்டுக்கொண்டார். கால் வீங்கியது, சிறுநீர் குறைந்தது. கிரியாட்டினின் 1.4-லிருந்து 2.3-க்குத் தாவியது.

மூன்று மருந்துகள் சிறுநீரகத்தை மூன்று பக்கமிருந்தும் நெருக்கிய கதை இது. தண்ணீர் மாத்திரை உடம்பின் நீரைக் குறைக்கிறது. வலி மாத்திரை, சிறுநீரக வடிகட்டிக்குள் ரத்தம் நுழையும் குழாயைச் சுருக்குகிறது. டெல்மிசார்டன், ரத்தம் வெளியேறும் குழாயைத் தளர்த்துகிறது. வடிகட்டுவதற்குத் தேவையான அழுத்தமே உள்ளே இல்லாமல் போகிறது. நேரத்தில் கண்டுபிடித்து வலி மாத்திரையையும் தண்ணீர் மாத்திரையையும் நிறுத்தினால் பெரும்பாலும் மீண்டுவிடும், இவருக்கு மீண்டது.

கடிதம் இதை நான்கு வரிகளில் சொல்லும். "டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் வகை வேண்டாம். வலிக்கு பாரசிட்டமால், முழங்காலுக்குப் பயிற்சி. தண்ணீர் மாத்திரையைத் திரும்பத் தொடங்கவில்லை. அழுத்தம் கூடினால் அம்லோடிபின் 2.5 மி.கி.யிலிருந்து தொடங்கலாம். வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் டெல்மிசார்டனையும் மெட்ஃபார்மினையும் தற்காலிகமாக நிறுத்திவிட்டு உடனே தொலைபேசியில் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். நன்றாகச் சாப்பிடத் தொடங்கி ஓரிரு நாளில் மறுபடி ஆரம்பிக்கலாம்." கூடவே ஓர் எச்சரிக்கை: "வலி மாத்திரை போடுகிறீர்களா என்று கேட்டால் இல்லை என்பார். கடையில் வாங்கியது கணக்கில் வராது என்று நினைக்கிறார். 'கால் வலிக்கு என்ன போட்டீங்க?' என்று கேளுங்கள்."

இதுவரை சொன்னவை நோயும் மருந்தும். விருப்பங்களை எழுதுவது இதைவிடக் கடினம். அவசரத்தில் எழுதினால் ஒரு மனிதர் ஒற்றைச் சொல்லுக்குள் அடைபட்டுவிடுவார்.

"இன்சுலின் மறுக்கிறார்" என்று ஒரு வரி எழுதிவிடலாம். அந்த வரி கோப்பில் ஏறிவிட்டால் பிறகு யாரும் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள். நடந்தது வேறு. அவருடைய கணவருக்கு இன்சுலின் தொடங்கிய சில வாரங்களில் காலை எடுக்க வேண்டியிருந்தது. புண் முற்றியதால்தான் இரண்டுமே நடந்தன. ஆனால் அவர் மனதில் ஊசிக்குப் பின்னால் கால் போனது என்றே பதிந்திருக்கிறது. "ஊசின்னா எனக்கு அவர் கால்தான் டாக்டர் ஞாபகம் வருது" என்பது அவருடைய பேச்சு. நல்ல கடிதம் அவர் சொன்ன வார்த்தையையே எழுதும், பயத்தின் காரணத்தை எழுதும், பிறகு அவர் எதற்குச் சம்மதித்திருக்கிறார் என்பதையும் எழுதும்: "எச்.பி.ஏ1சி 9-ஐத் தாண்டினால், மகள் வந்து தங்கிக் கற்றுக்கொடுத்தால், இரவில் ஒரு வேளை மட்டும் போட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறார். சென்ற தை மாதம் பேசியது. திரும்பவும் கேளுங்கள்." தேதி இருப்பதால்தான் இது விருப்பமாக நிற்கிறது, தீர்ப்பாக மாறுவதில்லை.

அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது? உள்ளூரில் இருக்கும் மகனை அல்ல, திருச்சியில் இருக்கும் மகளை. மோசமான செய்தி என்றால் யாரிடம் சொல்வது? "எங்கிட்டதான் முதல்ல சொல்லணும்" என்று கேட்டிருக்கிறார். பிள்ளைகளைத் தனியாக வெளியே அழைத்துப் பேசும் பழக்கம் நம் மருத்துவமனைகளில் ஊறிப்போன ஒன்று. இந்த வரி இல்லையென்றால் புதியவரும் அதையே செய்துவிடக்கூடும்.

கடைசிக் காலத்தைப் பற்றியும் அவர் பேசியிருக்கிறார். தேற வாய்ப்பில்லை என்றால் வென்டிலேட்டரில் போட்டு வைக்க வேண்டாம் என்பது அவர் எண்ணம். இதைக் கடிதத்தில் எழுதினால் மட்டும் சட்டப்படி செல்லாது. உச்ச நீதிமன்றம் 2018-ல் இத்தகைய முன்விருப்ப ஆவணத்தை ஏற்றது. 2023-ல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி சான்றளிக்க வேண்டும். "வாய்மொழியாகச் சொன்னது மட்டுமே, ஆவணம் இன்னும் ஆகவில்லை, மகளுக்குத் தெரியும், மகனுக்குத் தெரியாது" என்று உள்ளதை உள்ளபடி எழுதுவதுதான் டாக்டரின் வேலை.

பிரிட்டனில் நோயாளி ஒரு குடும்ப டாக்டரிடம் பதிவு செய்துகொள்வார். டாக்டர் மாறினால் கோப்பும் பின்னாலேயே போகும். இந்தியாவில் அப்படி ஒரு பதிவு முறை இல்லை. மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள், உள்நோயாளிகளின் பதிவேடுகளை மூன்று ஆண்டுகள் வைத்திருக்கவும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவும் சொல்கின்றன. கிளினிக்குக்கு வந்து போகும் வெளிநோயாளியின் வரலாறு பெரும்பாலும் அவர் கையிலுள்ள கவரிலும் டாக்டரின் ஞாபகத்திலும்தான் இருக்கிறது.

அந்த ஞாபகத்துக்கு என்ன மதிப்பு என்பதை நார்வே நாட்டு ஆய்வு ஒன்று காட்டியது. 2021-ல் வெளியான அது சுமார் 45 லட்சம் பேரின் பதிவுகளைப் பார்த்தது. ஒரே குடும்ப டாக்டரிடம் 15 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர்களுக்கு, ஓராண்டுக்குள் இருந்தவர்களைவிட, திடீர் மருத்துவமனைச் சேர்க்கையும் இறப்பும் ஏறத்தாழ 25 முதல் 30 விழுக்காடு குறைவு. பதிவேடுகளை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு என்பதால் டாக்டர் மாறாததுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் ஆண்டுகள் கூடக் கூடப் பலனும் கூடியது. பழகிய உறவைக் கடிதத்தில் வைத்து அனுப்ப முடியாது. அந்த உறவில் தெரிந்துகொண்டவற்றில் ஒரு பகுதியை அனுப்பலாம்.

அனுப்பும் முன் நோயாளியின் சம்மதம் வேண்டும். அதைவிட, எழுதியதை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். நம் பெண்மணிக்குப் படித்துக் காட்டினால் அவர் நிறுத்தும் இடம் ஒன்று இருக்கும். "மாத்திரைகளைத் தவறாமல் எடுக்கிறார்" என்ற வரியில், "ஏகாதசி அன்னிக்கு எதையுமே போடறதில்லையே டாக்டர்" என்பார். ஆஸ்பிரினும் அன்று விட்டுப்போகிறது என்பது பழைய டாக்டருக்கே புதுச் செய்தி. ஸ்டென்ட் வைத்தவர் அதை விடக்கூடாது. ஒரு வாய்த் தண்ணீரோடு ஆஸ்பிரினை மட்டும் போட்டுக்கொள்ளலாமா என்று பேசி, ஒப்புக்கொண்டதைக் கடிதத்தில் திருத்த வேண்டும்.

பிறகு ஒரு பிரதி புதியவருக்கு, ஒன்று நோயாளியின் கவருக்கு. கீழே அடுத்து செய்ய வேண்டியவை: மூன்று மாதத்துக்கு ஒரு முறை கிரியாட்டினினும் பொட்டாசியமும், ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரைப் பரிசோதனை, ஒவ்வொரு முறையும் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதம் பார்ப்பது. உங்கள் டாக்டர் கிளினிக்கை மூடப் போகிறார் என்று தெரிந்தால் இப்படி ஒரு பக்கம் கேட்டு வாங்குங்கள். எனக்கு எந்த மருந்தை நிறுத்தினீர்கள், ஏன் நிறுத்தினீர்கள் என்ற கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.