சில நொடிகளில் கரைந்துவிடும் மருந்து: கைக்குழந்தையின் அதிவேக இதயத்துடிப்பும் அடினோசின் ஊசியும்

குழந்தைகள் அவசரப் பிரிவில் அடினோசின் என்னும் ஊசியைச் செலுத்துவதற்கு முன்பு, மருத்துவர் பெற்றோரிடம் ஒரு செய்தியைச் சொல்வது வழக்கம்: “மருந்து போனதும் மானிட்டரில் இதயத்தின் கோடு சில நொடிகள் நேராக ஓடும். குழந்தை திடீரென்று வீறிட்டு அழலாம். அது நாங்கள் எதிர்பார்ப்பதுதான்.” முன்கூட்டிச் சொல்லப்படாத தாய் ஒருத்திக்கு அந்தச் சில நொடிகள் எப்படியிருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. அந்த நொடிகளில் நடப்பது என்ன, மருந்தை ஏன் அவ்வளவு வேகமாகத் தள்ளுகிறார்கள், அதன் பின்னாலேயே ஏன் உப்புநீரைச் செலுத்துகிறார்கள், ஒரு தடவை போட்டும் பலனில்லாவிட்டால் ஏன் மறுபடி போடுகிறார்கள் என்பவற்றை இங்கே பார்க்கலாம்.

நோயிலிருந்து தொடங்குவோம். கைக்குழந்தையின் இதயம் பெரியவர்களுடையதைவிட வேகமாகத்தான் துடிக்கும். உறங்கும்போது நிமிடத்திற்கு நூற்றுச் சொச்சம், அழும்போது 180 என்று ஏறி இறங்கும். சில குழந்தைகளுக்கோ துடிப்பு திடீரென்று 220-ஐத் தாண்டி, சில சமயம் 250, 280 வரை போய், அங்கேயே நிலைத்துவிடுகிறது. இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பு செல்ல இயல்பாக ஒரே ஒரு வழிதான் உண்டு. நடுவிலுள்ள கணு ஒன்று அதைச் சற்றுத் தாமதப்படுத்தி அனுப்பும். இக்குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பிறவியிலேயே இன்னொரு மெல்லிய வழியும் அமைந்திருக்கும். மின்துடிப்பு ஒரு வழியாக இறங்கி, மற்றொரு வழியாக ஏறி, மீண்டும் முதல் வழியாகவே இறங்கிச் சுற்றத் தொடங்கினால், ஒவ்வொரு சுற்றுக்கும் இதயம் ஒரு முறை துடிக்கும். சுற்று அறுபடும்வரை வேகம் குறையாது.

எடுத்துக்காட்டாக, வேடசந்தூர்ப் பக்கத்துக் குழந்தை ஒன்றை எண்ணிக்கொள்வோம். எந்தவொரு குழந்தையின் வரலாறும் அன்று இது. பல குழந்தைகளிடம் காணப்படுவனவற்றைச் சேர்த்துச் சொல்லும் கற்பனை. இரண்டு மாதம் நிரம்பிய பெண் குழந்தை, எடை 4 கிலோ. முந்தைய நாள் மாலையிலிருந்து பாலை இரண்டு வாய் குடித்துவிட்டு விலகிக்கொள்கிறாள். நெற்றி வியர்க்கிறது, முகம் வெளிறுகிறது. உரம் விழுந்திருக்கும் என்று பாட்டி உரம் எடுத்துப் பார்க்கிறார். பாலுக்கு அழாமல் சோர்ந்து கிடக்கும் குழந்தையைப் பார்த்தால் நம் ஊரில் யாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான்; பாட்டியைக் குறைகூற ஒன்றுமில்லை. மறுநாள் காலையில் மூச்சு இரைக்கவே, 108-ஐ அழைத்துத் திண்டுக்கல்லுக்குக் கொண்டுவருகிறார்கள்.

மானிட்டர் 248 என்று காட்டுகிறது. எண்ணைக் காட்டிலும் முக்கியமான ஒன்று உண்டு. குழந்தை அழுதாலும் 248, அம்மா மடியில் அயர்ந்தாலும் 248. காய்ச்சலாலோ நீர் வற்றியதாலோ இதயம் வேகமெடுத்திருந்தால் அந்த எண் நிமிடத்திற்கு நிமிடம் ஏறி இறங்கும். அதற்கு மருந்து காய்ச்சலைத் தணிப்பதும் நீர் ஏற்றுவதும்தான், அடினோசின் அன்று. ஆகவே மருத்துவர் ஊசியை எடுப்பதற்கு முன் சற்று நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தால், அது தயக்கம் என்று நினைக்க வேண்டாம். ஈ.சி.ஜி. எடுத்து உறுதிசெய்த பின்னரே அடுத்த அடி வைப்பார்.

குழந்தை விழிப்புடன், இரத்த ஓட்டம் ஓரளவு சீராக இருந்தால், முதலில் பனிக்கட்டியும் நீரும் கலந்த பையை நெற்றியிலும் கன்னத்திலும் சுமார் 15 நொடி வைப்பார்கள். மூக்கும் வாயும் மூடப்படாது. திடீர்க் குளிர்ச்சி ஒரு நரம்பைத் தூண்டி, நடுக்கணுவைச் சற்று அடக்கும். சில குழந்தைகளுக்கு அதிலேயே துடிப்பு சீராகிவிடும். இதை வீட்டில் தாமாகச் செய்து பார்க்கக் கூடாது. கண்ணை அழுத்திப் பார்ப்பது ஒருபோதும் கூடாது. இதற்கு மாறாக, குழந்தை துவண்டு, கைகால் சில்லிட்டு, நாடி மெலிந்திருந்தால் காத்திருக்க நேரமில்லை. நரம்பு ஊசி ஏற்கெனவே தயாராக இருந்தால் அடினோசின் கொடுப்பார்கள். இல்லையேல் துடிப்போடு இசைந்த சிறு மின்அதிர்ச்சியால் சுற்றை அறுப்பார்கள்.

நம் குழந்தைக்குப் பனிக்கட்டி பலன் தரவில்லை. இனி அடினோசின்.

இந்தப் பொருள் நமக்கு அந்நியமானதன்று. நம் உடலின் ஒவ்வோர் அணுவிலும் உள்ளது. இதயத்தின் வேகத்தை இது குறைக்கிறது என்பதை ட்ரூரி, சென்ட்-ஜார்ஜி என்னும் இருவர் கேம்பிரிட்ஜில் 1929-இல் கண்டு எழுதினர். சிரைக்குள் செலுத்தியதும் இது நடுக்கணுவைச் சில நொடிகள் முழுவதும் அடைத்துவிடும். சுற்றிக்கொண்டிருக்கும் மின்துடிப்பு அடைபட்ட வழியில் வந்து முட்டி நின்றுவிட, இதயத்தின் இயல்பான தொடக்கப்புள்ளி மீண்டும் பொறுப்பேற்கிறது. மானிட்டரில் கோடு நேராக ஓடுவது அந்த இடைவெளியில்தான்.

இதன் நன்மையும் தொல்லையும் ஒன்றே: இரத்தத்தில் இதன் பாதியளவு அழிவதற்கு 10 நொடிக்கும் குறைவாகவே ஆகிறது. சிவப்பணுக்களும் இரத்தக்குழாயின் உட்சுவரும் இதைக் கண்ட இடத்திலேயே உறிஞ்சிக்கொள்கின்றன. அதனால் பக்கவிளைவுகள் வந்த வேகத்தில் போய்விடுகின்றன. அதே காரணத்தால், மெதுவாகச் செலுத்தினால் மருந்து இதயத்தை அடையாமல் கையிலேயே தீர்ந்துபோகும். வறண்ட வாய்க்காலில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினால் அது நாலு அடியில் மண்ணோடு போய்விடும். பின்னாலேயே மடை திறந்து வெள்ளம் தள்ளினால்தான் கடைமடையை எட்டும். பின்னால் வரும் சலைன் என்னும் உப்புநீர் செய்வது அதைத்தான்.

அளவைக் கணக்கிடுவோம். முதல் அளவு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம், 4 கிலோ குழந்தைக்கு 0.4 மில்லிகிராம். பொதுவாகக் கிடைக்கும் குப்பியில் 2 மில்லிலிட்டரில் 6 மில்லிகிராம் இருக்கும். அப்படியே எடுத்தால் 0.13 மில்லிலிட்டர், அதாவது இரண்டு மூன்று துளி. இவ்வளவு சிறிய அளவைச் சரியாக எடுப்பதும் கடினம். எடுத்தாலும் சிரிஞ்சின் நுனியிலும் குழாயின் மூலையிலும் தங்கிவிடக்கூடும். ஆகவே பல இடங்களில் குப்பியின் 2 மில்லிலிட்டருடன் 4 மில்லிலிட்டர் சலைன் சேர்த்து, 1 மில்லிலிட்டரில் 1 மில்லிகிராம் வருமாறு கலந்துகொள்வார்கள். அப்போது முதல் அளவு 0.4 மில்லிலிட்டர், இரண்டாவது அளவு 0.8, கணக்கும் எளிது, தவறும் குறைவு. எல்லாம் எடையை ஒட்டியே அமைவதால், குழந்தை வந்ததும் எடை பார்க்கிறார்கள். அவசரத்தில் அது இயலாதபோது, தடுப்பூசி அட்டையில் எழுதியுள்ள கடைசி எடை பெரிதும் உதவும். புறப்படும்போது அந்த அட்டையை மறக்காமல் எடுத்து வாருங்கள்.

செலுத்துவதற்கு இருவர் வேண்டும். நரம்பு ஊசியின் வாயில், குழந்தைக்கு மிக அருகில், மூன்று வழித் திருகு ஒன்றைப் பொருத்துவார்கள். ஒரு வழியில் மருந்து சிரிஞ்சு. மற்றொன்றில் 5 மில்லிலிட்டர் சலைன். ஒருவர் மருந்தை ஒரே தள்ளாகத் தள்ளியதும் விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்திருக்க, அந்தக் கணமே மற்றவர் சலைனை முழுவேகத்தில் செலுத்துவார். விரலை எடுத்துவிட்டால் சலைன் குழந்தைக்குள் போகாமல் மருந்து சிரிஞ்சுக்குள் திரும்பி ஏறிவிடும். ஈ.சி.ஜி. தாள் மருந்துக்கு முன்பிருந்தே ஓடிக்கொண்டிருக்கும்; அதிர்ச்சி கொடுக்கும் கருவியும் பக்கத்தில் இருக்கும். பெரும்பாலும் தேவைப்படாது என்றாலும், அது இல்லாமல் இந்த ஊசி போடுவதில்லை.

நம் குழந்தைக்குப் புறங்கையில் ஏற்கெனவே ஊசி போடப்பட்டிருந்தது. அதன் வழியே 0.4 மில்லிகிராம், உடனே சலைன். எல்லாரும் மானிட்டரைப் பார்க்கிறார்கள். 248. கோட்டில் ஒரு நெளிவுகூட இல்லை.

“மருந்து கேட்கவில்லையா, ஐயா?” என்று பாட்டி கேட்பது இயல்பு. ஆனால் இந்த இடத்தில் மருத்துவர் தம்மைக் கேட்டுக்கொள்வது வேறு: மருந்து கேட்கவில்லையா, அல்லது போய்ச் சேரவில்லையா? ஒரு துடிப்புகூடத் தாமதப்படவில்லை என்றால் சேரவில்லை என்றே முதலில் ஐயுற வேண்டும். புறங்கையிலிருந்து இதயம் தூரம். கைக்குழந்தையின் சிரை மெல்லிது. எனவே முழங்கை மடிப்பில் புதிய ஊசி போட்டு, சலைன் தடையின்றிப் போகிறதா என்று சோதித்து, அளவை இருமடங்காக்கி 0.8 மில்லிகிராம் செலுத்துகிறார்கள். முந்தைய மருந்து அதற்குள் அழிந்திருக்கும் என்பதால், ஓரிரு நிமிடத்திலேயே மறுமுறை கொடுப்பதில் மருந்து சேர்ந்துவிடும் அச்சமில்லை. குழந்தை முகம் சிவந்து வீறிடுகிறாள். கோடு இரண்டு மூன்று நொடி நேராகிறது. பிறகு ஒரு துடிப்பு, இன்னொன்று, பின் சீராக 150.

எல்லாக் குழந்தைகளுக்கும் இப்படியே முடிவதில்லை. சில வழிகாட்டுதல்களில் மூன்றாவது முறை கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் வரை கொடுக்க இடமுண்டு. சில குழந்தைகளுக்குத் துடிப்பு சீராகி, அரை நிமிடத்திற்குள் பழைய வேகம் திரும்பிவிடும். அங்கே மருந்து தோற்கவில்லை. சுற்று அறுபட்டு மறுபடி தொடங்கியிருக்கிறது. அதற்கு மேலும் மேலும் அடினோசின் பயன்படாது. நீடித்து நிற்கும் வேறு மருந்து வேண்டும். இன்னும் சிலருக்குக் கோடு தாமதப்படும் நேரத்தில் மேலறை மட்டும் தனியே மிக வேகமாகத் துடிப்பது தாளில் தெரியவரும். அது வேறு நோய். அடினோசின் அதைக் குணப்படுத்தவில்லை, காட்டிக்கொடுத்தது. தாளை முன்கூட்டியே ஓடவிடுவது இதற்காகத்தான்.

மருத்துவர் கேட்காவிட்டாலும் பெற்றோர் சொல்ல வேண்டியவை இரண்டு. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு மூச்சு நிற்காதிருக்கக் காஃபீன் மருந்து கொடுக்கப்பட்டுவந்தால் சொல்லுங்கள். காஃபீனும் தியோஃபிலினும் அடினோசினின் வேலையைத் தடுக்கும். அடிக்கடி வீசிங் வரும் குழந்தை என்றாலும் சொல்லுங்கள். இம்மருந்து மூச்சுக்குழாயைச் சுருக்கக்கூடும்.

துடிப்பு சீரான பின் மீண்டும் முழு ஈ.சி.ஜி.யும், இதயத்தின் எக்கோ பரிசோதனையும் எடுப்பார்கள். இந்தத் துடிப்பு திரும்ப வரும் இயல்புடையது என்பதால், பல குழந்தைகளுக்குச் சில மாதங்கள் புரோப்ரனலால் போன்ற மருந்து கொடுக்கப்படும். வயது ஒன்றை நெருங்குகையில் பலருக்கு இத்தொல்லை தானே அடங்கிவிடுகிறது. வீட்டிற்கு அனுப்பும் முன், குழந்தையின் இடப்பக்க மார்பில் காதையோ கையையோ வைத்து இதயத்துடிப்பை உணரச் செவிலியர் கற்றுக்கொடுப்பார். உறங்கும் குழந்தையின் துடிப்பை எண்ண முடிந்தால் நல்லது. எண்ணவே முடியாத வேகத்தில் ஓடினால், அதுவே விடை; பால் குடிக்காமை, வியர்வை, வெளிறல் ஆகியவை தோன்றும்வரை காத்திராமல் உடனே அழைத்து வாருங்கள்.