பழைய மெஷின் விற்ற பணத்தில் வரிக்கு எவ்வளவு?

திருப்பூரில் எம்பிராய்டரி ஜாப் ஒர்க் செய்யும் ஒரு பார்ட்னர்ஷிப் நிறுவனம் 20 லட்ச ரூபாய்க்கு மெஷின் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நாலு வருடம் ஓட்டிவிட்டு விற்பது திட்டம். வங்கிக்குத் தரும் திட்ட அறிக்கையில் லாபக் கணக்கைப் பலமுறை சரிபார்ப்பார்கள். பணம் நழுவுவது வேறு இரண்டு இடங்களில்.

முதலாவது நடைமுறை மூலதனம். நூலுக்கும் கடன் பாக்கிக்கும் தொடக்கத்தில் 5 லட்சம் முடங்குகிறது. வேலை பெருகி அடுத்த வருடம் அது 7 லட்சமாகிறது. அந்த வருடக் கணக்கில் கழிக்க வேண்டியது கூடுதலான 2 லட்சம்தான், 7 லட்சம் அல்ல. கடைசி வருடம் 7 லட்சமும் திரும்பினால் அதற்கு வரி கிடையாது. அது வருமானமல்ல, போட்ட பணம். ஆனால் பாக்கி வசூலானால்தானே திரும்பும்! உத்யம் பதிவுள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடிக்கக் கூடாது என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். தாமதத்துக்கு வட்டியும் உண்டு. மாநில வசதிக் குழுவிடம் முறையிடலாம்.

இரண்டாவது, மெஷினை விற்கும்போது வரும் வரி. வருமான வரிக் கணக்கில் இதற்குத் தேய்மானம் வருடம் 15 சதவீதம், மிச்ச மதிப்பின் மேல். நாலு வருடம் கழித்து 20 லட்சம் சுமார் 10.44 லட்சமாக நிற்கும். கம்பெனிப் புத்தகத்தில் வேறு தொகை இருக்கலாம். ஆடிட்டரிடம் வரிக் கணக்கின் தேய்மானப் பட்டியலையே கேளுங்கள்.

ஐந்தாம் வருடம் 13 லட்சத்துக்கு விற்றால் 2.56 லட்சம் லாபம். செஸ்ஸை விட்டு 30 சதவீத வரி என்றால் சுமார் 77,000 ரூபாய் போகும். கையில் நிற்பது 12.23 லட்சம். 8 லட்சத்துக்குத்தான் போனால் 2.44 லட்சம் நஷ்டம். பாடப்புத்தகம் இதில் 30 சதவீதம், சுமார் 73,000 ரூபாய், வரி மிச்சமாகும் என்று கூட்டிக்கொள்ளும். இந்தியாவில் அப்படியே கூட்டினால் கணக்கு பொய்த்துவிடும்.

நம் சட்டம் ஒரே விகிதத் தேய்மானமுள்ள மெஷின்களை ஒரு தொகுதியாகப் பார்க்கிறது. தொகுதியில் வேறு மெஷின்கள் இருந்தால் விற்ற தொகை மொத்த மதிப்பிலிருந்து கழியும், அவ்வளவே. அந்த 2.44 லட்சம் தொடர்ந்து தேய்ந்து, வரிச்சலுகை வருடாவருடம் சிறுகச் சிறுக வரும். 13 லட்சத்துக்கு விற்றாலும், தொகுதியின் மதிப்பு அதைத் தாங்குமானால் உடனடி வரி இல்லை. இருந்தது அந்த ஒரே மெஷின்தான் என்றால் நிலைமை வேறு. 2.44 லட்சம் குறுகிய கால மூலதன நஷ்டமாகிவிடும். தொழில் லாபத்தில் கழிக்க முடியாது, மூலதன ஆதாயத்தில் மட்டுமே கழிக்கலாம். ரிட்டர்னைக் கெடுவுக்குள் தாக்கல் செய்தால் 8 வருடம் முன்னெடுத்துச் செல்லலாம்.

தொழிலைத் தொடர்பவர்கள் மாற்று மெஷினை விற்ற அதே நிதியாண்டில், மார்ச் 31-க்குள் வாங்கிவிடுவது நல்லது. தொகுதி உயிரோடு இருக்கும். ஏப்ரலுக்குத் தள்ளினால் லாபத்துக்கு வரி உடனே வரும், நஷ்டமோ தொழில் கணக்கிலிருந்தே வெளியேறிவிடும்.