ஓட்டுநரா, ஓட்டுனரா?

நாளிதழின் வரி விளம்பரப் பக்கத்தில் ஒரு பத்தியில் 'ஓட்டுநர் தேவை' என்று இருக்கும். அதற்குக் கீழேயே இன்னொருவர் 'ஓட்டுனர் தேவை' என்று கொடுத்திருப்பார். இரண்டையும் வாய்விட்டுப் படித்தால் காதுக்கு ஒன்றுபோலத்தான் கேட்கும். சிக்கலே அதுதான். இன்றைய பேச்சுத் தமிழில் 'ந'வுக்கும் 'ன'வுக்கும் ஒலி வேறுபாடு அநேகமாக மறைந்துவிட்டது. எழுத்தில் மட்டும் இரண்டும் தனித்தனியாக நிற்கின்றன. மலையாளத்தில் நிலைமை தலைகீழ். அங்கே இரண்டு ஒலிகளும் வாயில் உயிரோடு இருக்கின்றன, எழுதுவதோ ஒரே எழுத்து.

ஒலி மறைந்தாலும் பெரிய நட்டமில்லை. மூன்று எழுத்துகளில் 'ந' எங்கே வரும் என்பதைக் காது சொல்ல வேண்டிய தேவையே இல்லை. அது நிற்கும் இடமே சொல்லிவிடும். உண்மையில் மனப்பாடம் கேட்பது 'ன', 'ண' என்ற இரண்டுதான். அதிலும் பாதிக்குமேல் கணக்காகச் சொல்லிவிடலாம்.

பள்ளியில் 'ரெண்டு சுழி ன', 'மூணு சுழி ண' என்று சொல்லித் தருகிறார்கள். அது எழுத்தின் வடிவத்தைச் சொல்கிறதே தவிர, எங்கே எதைப் போடுவது என்பதற்கு உதவாது. இலக்கண ஆசிரியர்கள் வைத்திருக்கும் பெயர்கள் தந்நகரம், றன்னகரம், டண்ணகரம். வாயில் நுழையச் சிரமப்படும் பெயர்கள்தாம், ஆனால் விதி பெயருக்குள்ளேயே இருக்கிறது. 'த'வுக்கு முன்னால் வருவது ந்: பந்து, சொந்தம், வெந்தயம். 'ற'வுக்கு முன்னால் ன்: கன்று, நன்றி, தென்றல். 'ட'வுக்கு முன்னால் ண்: வண்டி, நண்டு, சுண்டல். ஒவ்வோர் இணைக்கும் நாக்கு ஒரே இடத்தில்தான் போய்த் தொடுகிறது. த, ந இரண்டுக்கும் மேற்பல்லின் அடி. ட, ண இரண்டுக்கும் நாக்கு மேல்நோக்கி வளைய வேண்டும்.

தமிழ்99 விசைப்பலகையைப் பயன்படுத்துகிறவர்கள் இந்த இணைகளை விரல்நுனியிலேயே வைத்திருக்கிறார்கள். அதில் u விசையில் ற, பக்கத்து i விசையில் ன. அடுத்து o விசையில் ட, p விசையில் ண. நடுவரிசையில் l விசையில் த, அதை ஒட்டிய ; விசையில் ந. 'ந'வை அடித்துவிட்டு 'த'வை அடித்தால் புள்ளியைத் தானே வைத்து 'ந்த' என்று காட்டும். ன, ற அடித்தால் 'ன்ற'. ண, ட அடித்தால் 'ண்ட'.

வினைச்சொற்களில் இந்த இணை நல்ல சோதனையாகவும் பயன்படுகிறது. 'உண்' என்பதில் எந்த ண் என்று ஐயமா? இறந்தகாலத்துக்கு மாற்றிப் பாருங்கள். உண்டான் என்று 'ட' வருகிறது. ஆகவே மூன்று சுழி. தின்றான் என்று 'ற' வருகிறது. ஆகவே தின் என்பதில் இரண்டு சுழி. காண், கண்டான், என், என்றான். இந்தச் சோதனைக்கு எழுத்துத் தமிழே ஏற்றது. கைப்பேசியில் 'என்ன பன்ற?' என்று நண்பரிடம் கேட்பவர் பண்ணுகிறாயா என்றுதான் கேட்கிறார். ஆனால் 'ற'வைப் பார்த்ததும் விரல் 'ன்' போட்டுவிடுகிறது, படிக்கிறவருக்குப் பன்றி நினைவு வருகிறது. வேர் 'பண்ணு' என்பதால் பேச்சு வழக்கை எழுதும்போது 'பண்ற' என்பதே பொருத்தம்.

இனி 'ந'. சொல்லின் முதலில் வருவது இது ஒன்றுதான். நாய், நிலம், நூல், நேற்று எல்லாம் இப்படித்தான். தமிழில் 'ன'வோ 'ண'வோ சொல்லைத் தொடங்குவதில்லை. சொல்லின் கடைசி எழுத்தாக நிற்பவை ன், ண் இரண்டும்: நான், மீன், மண், தூண். வெளியிலிருந்து வந்த சொற்களும் இதற்குப் பணிந்துபோகின்றன. நோட்டு, நர்ஸ் என்று முதலில் ந. போன், ஸ்டேஷன் என்று முடிவில் ன். லண்டன், கவுண்டர் என்று 'ட'வுக்கு முன்னால் ண்.

நடுவில் 'ந' வந்தால், ஒன்று பின்னால் 'த' இருக்கும், இல்லையென்றால் அது பெரும்பாலும் இரண்டு சொற்கள் சேர்ந்த இடமாக இருக்கும். இள நீர் சேர்ந்து இளநீர். திரு நாள் சேர்ந்து திருநாள். பொது நலம் சேர்ந்து பொதுநலம். அநியாயம், அநாகரிகம் என்பவற்றில் 'அ' முன்னொட்டு. அதை எடுத்துவிட்டால் நியாயமும் நாகரிகமும் மிஞ்சும்.

சேரும் இடத்தில் முன்சொல் உயிரில் முடிந்தால் ந அப்படியே இருக்கும். மெய்யில் முடிந்தால்தான் வேடிக்கை. 'நீர்' என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்வோம். தண் என்றால் குளிர்ச்சி. தண் நீர் சேரும்போது முன்னால் இருக்கும் ண், பின்னால் வரும் 'ந'வைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள, தண்ணீர் ஆகிறது. கண்ணீரும் அப்படியே. வெம்மை என்றால் சூடு. வெம் நீர் சேரும்போது இழுபடுவது ம். அது ந் ஆகி வெந்நீர் பிறக்கிறது. நல்ல நீர், அதாவது நல் நீர், சேரும்போது ல், ந இரண்டுமே மாறி நன்னீர் என்று ஆகின்றன. ஒரே நீர் மூன்று எழுத்துகளையும் பார்த்துவிட்டது. வெந்நீரை 'வெண்ணீர்' என்று எழுதினால் அது வெள்ளை நீர். வெண்மையான நெய்தான் வெண்ணெய். அங்கே மூன்று சுழி சரி.

காசோலையில் தொகையை எழுத்தால் எழுதும்போதும் இதே கணக்கு. இருநூறு, அறுநூறு, எழுநூறு மூன்றிலும் முன்பகுதி உயிரில் முடிகிறது, ந மாறவில்லை. நான்கு நூறு நானூறு. எண் என்பது எட்டைக் குறிப்பதால் எட்டு நூறு எண்ணூறு. மூன்று நூறுதான் பலரையும் தடுக்கி விழவைக்கிறது. அது முந்நூறு. 'முன்னூறு' என்றால் முன்னால் உள்ள நூறு என்று பொருள் வந்துவிடும். ஐந்து நூறு ஐந்நூறு. செய்தித்தாள்களின் 'முன்னாள் அமைச்சர்', 'இந்நாள் அமைச்சர்' இரண்டையும் இதே கண்ணால் பார்க்கலாம். முன் நாள் சேர்ந்து முன்னாள், இ நாள் சேர்ந்து இந்நாள்.

ஓட்டுநருக்கு வருவோம். ஒரு செயலைச் செய்பவரைக் குறிக்கும் 'நர்' என்ற ஈறு தமிழில் பழையது. ஓட்டு, நடத்து, இயக்கு, ஆள், பெறு, அனுப்பு ஆகியவற்றோடு அது சேர்ந்துதான் ஓட்டுநர், நடத்துநர், இயக்குநர், ஆளுநர், பெறுநர், அனுப்புநர் என்ற சொற்கள் அமைகின்றன. வல்லுநரும் இந்த வரிசைதான். உறுப்பினர், குழுவினர் என்பவை வேறு கூட்டம். அங்கே இருப்பது நர் அல்ல. இன், அர் என்ற இரண்டு துண்டுகள். அதனால் இரண்டு சுழி ன. நினைவில் வைத்துக்கொள்ள எளிய வழி: ஒலிக்கு முன்னால் 'உ' கேட்டால் நர், 'இ' கேட்டால் னர். ஓட்டுனர் என்று எழுதுவோர் பெருகிவிட்டாலும், சொல்லின் அமைப்பைப் பார்த்தால் ஓட்டுநர் என்பதே சரி.

மிச்சமிருக்கும் ன, ணச் சண்டையில் வடமொழியிலிருந்து வந்த சொற்களுக்கு ஓர் அருமையான விதி இருக்கிறது. தமிழ்ப் பாடப்புத்தகங்கள் அதை ஏனோ கண்டுகொள்வதில்லை. அந்தச் சொல்லில் முன்னால் 'ர' அல்லது 'ஷ' இருந்தால் பின்னால் வருவது பெரும்பாலும் மூன்று சுழி: காரணம், மரணம், ஆபரணம், விசாரணை. ஆனால் இடையில் ச, ஜ, ட, த வரிசை எழுத்து குறுக்கே வந்துவிட்டால் அந்தத் தாக்கம் அறுந்துபோய் ன வரும்: தரிசனம், அர்ச்சனை, பிரார்த்தனை.

மகாபாரதத்தில் வைத்துப் பார்க்கலாம். கர்ணன் பெயரில் 'ர்' ஒட்டியே இருக்கிறது, ஆகவே ண. துரோணரும் அப்படியே. கிருஷ்ணனில் ஷ். அர்ஜுனனில் 'ர்' இருந்தும் நடுவே 'ஜ' புகுந்துவிட்டது, ஆகவே ன. துரியோதனனில் 'த' புகுந்திருக்கிறது. இராமாயணத்துக்குப் போனால் இராவணனில் நடுவே இருப்பது 'வ' மட்டும். அது தடை செய்யாது, ஆகவே ண. நூலின் பெயரான இராமாயணத்தில் ம, ய இரண்டு இருந்தும் தடையில்லை. ரசாயனத்தில் 'ச' தடுத்துவிடுகிறது. இந்தப் பெயர்களின் கடைசியில் நிற்கும் 'ன்' ஆண்பால் ஈறு; அது எப்போதும் இரண்டு சுழியே. விதிக்கு எல்லையும் உண்டு. குணம், வீணை, புண்ணியம் போன்றவற்றில் 'ர' இல்லாமலே ண இருக்கிறது. வருமானம் தமிழ்ச்சொல் என்பதால் இந்தக் கணக்கில் சேராது.

எந்த விதியும் கைகொடுக்காத சொற்கள் கடைசியில் ஒரு கைப்பிடி மிஞ்சும். இவற்றில் சுழி மாறினால் பொருளே மாறும். மனம் உள்ளம், மணம் வாசனை அல்லது திருமணம். பனி குளிர், பணி வேலை. ஆனி மாதம், ஆணி சுவரில் அடிப்பது. தினை தானியம், திணை ஒழுக்கப் பிரிவு. அரன் சிவன், அரண் கோட்டை. மனை வீடு, மணை உட்காரும் பலகை. வானம் ஆகாயம், வாணம் வெடிக்கிற மத்தாப்பு வகை. இவற்றை இணை இணையாகப் பார்த்து மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியதுதான். ஐயம் தீராவிட்டால் 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி'யைப் புரட்டலாம்.

திருமண அழைப்பிதழ் அச்சகத்திலிருந்து மெய்ப்புக்கு வரும்போது மாமா பெயரும் மண்டப முகவரியும் சரியா என்று பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். மணமகன், மணமகள் இரண்டிலும் மூன்று சுழி. மனமார்ந்த என்பதில் இரண்டு சுழி. நண்பர்களில் மூன்று, அன்புடனில் இரண்டு. முகூர்த்தம் ஆனி மாதமாக இருந்தால் அந்தச் சொல்லை இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.