முடிவில்லாத பரப்பு சரியாக 6 ஆவது எப்படி?

x³e⁻ˣ என்ற சார்பின் வளைகோட்டை வரைந்து பாருங்கள். 0-இல் கிளம்பி, x = 3 என்ற இடத்தில் ஏறக்குறைய 1.34 உயரத்தைத் தொட்டுவிட்டு இறங்குகிறது. இறங்கினாலும் கிடை அச்சைத் தொடுவதில்லை. எவ்வளவு தூரம் போனாலும் அச்சுக்கு மேலே ஓர் இழை அளவாவது நிற்கிறது. ஆனால் இந்த முடிவில்லாத வளைகோட்டுக்குக் கீழே உள்ள மொத்தப் பரப்பு சரியாக 6. மூன்றுக்குப் பதில் நான்காம் அடுக்கைப் போட்டால் 24, ஐந்தாம் அடுக்கைப் போட்டால் 120. அதாவது 1×2×3, 1×2×3×4 என்று வளரும் காரணீயப் பெருக்கமே இங்கே பரப்பாக வருகிறது.

இப்படி எல்லை முடிவிலியாக இருக்கும் தொகையை முறையற்ற தொகை என்பார்கள். முடிவிலியை நேரடியாக எல்லையாகப் போட முடியாது. அதனால் முதலில் b என்ற ஓர் எண் வரை பரப்பைக் கணக்கிட்டு, அதன்பின் b-யை வளரவிட்டு விடை எங்கே போய் நிலைக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பகுதித் தொகையிடலில் u = x³ என்றும் dv = e⁻ˣ dx என்றும் எடுத்துக்கொள்வோம். அப்போது du = 3x² dx, v = −e⁻ˣ. கிடைப்பது இது:

∫₀ᵇ x³e⁻ˣ dx = −b³e⁻ᵇ + 3∫₀ᵇ x²e⁻ˣ dx

கீழ் எல்லையான 0-இல் x³ பூச்சியம் என்பதால் அங்கிருந்து எதுவும் சேரவில்லை. மேல் எல்லையில் b³e⁻ᵇ என்ற உறுப்பு மிஞ்சுகிறது. கணக்கின் உயிர்நாடி இந்த உறுப்புதான். b வளரும்போது b³ பெருகுகிறது, e⁻ᵇ சுருங்குகிறது. எது வெல்லும்? b-யை 10-இலிருந்து 11-க்கு நகர்த்தினால் b³ 1.331 மடங்காகிறது, ஆனால் eᵇ 2.718 மடங்காகிவிடுகிறது. ஒரே ஓர் எட்டில் அந்த உறுப்பு பாதிக்கும் கீழே போகிறது. அடுத்தடுத்த எட்டுகளில் b³ வளரும் விகிதம் 1-ஐ நெருங்க, eᵇ மட்டும் ஒவ்வொரு முறையும் அதே 2.718 மடங்கு வளர்கிறது. ஆகவே உறுப்பு பூச்சியத்துக்குப் போய்விடுகிறது. அடுக்கு பெரிதாக இருந்தால் இந்த வீழ்ச்சி தாமதமாகத் தொடங்கும், அவ்வளவுதான்.

விளிம்பில் எதுவும் மிஞ்சாததால், மூன்றாம் அடுக்கின் பரப்பு இரண்டாம் அடுக்கின் பரப்பைப் போல் 3 மடங்கு. அதே வேலையை மறுபடி செய்தால், இரண்டாம் அடுக்கின் பரப்பு முதல் அடுக்கினுடையதைப் போல் 2 மடங்கு. இன்னொரு முறை செய்தால், முதல் அடுக்கின் பரப்பும் வெறும் e⁻ˣ-இன் பரப்பும் சமம். அந்தக் கடைசிப் பரப்பு 1. எனவே 3×2×1×1 = 6. ஒவ்வொரு முறையும் அடுக்கு ஒன்று குறைகிறது, குறைந்த அடுக்கு வெளியே வந்து பெருக்கும் எண்ணாக நிற்கிறது.

விடையை நம்பலாமா என்று எண்களாலேயே சோதிக்கலாம். 5 வரை எடுத்தால் பரப்பு 4.41, 10 வரை எடுத்தால் 5.938, 20 வரை எடுத்தால் 5.99998.

மாணவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் தடுக்கி விழுவார்கள். e⁻ˣ-ஐத் தொகையிடும்போது வரும் கழித்தல் குறியை ஒரு படியில் மறந்தால் விடை −6 ஆகிவிடும். வளைகோடு முழுவதும் அச்சுக்கு மேலே இருக்கும்போது தொகை எதிர்மறையாக இருக்க வழியில்லை என்பதால் பிழை உடனே தெரியும். இன்னொன்று, u = e⁻ˣ என்று மாற்றி எடுப்பது. அதில் தவறான சமன்பாடு எதுவும் வராது, ஆனால் x³ இருந்த இடத்தில் x⁴ வரும், அடுத்து x⁵ வரும். அடுக்கு ஏறிக்கொண்டே போவதால் கணக்கு ஒருநாளும் முடியாது.

காரணீயப் பெருக்கத்தை முழு எண்களுக்கு வெளியே எப்படிக் கொண்டுபோவது என்ற கேள்விதான் இந்தத் தொகைக்கு வழிவிட்டது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த லியோனார்டு ஆய்லர் 1729-இலும் 1730-இலும் கிறிஸ்டியன் கோல்டுபாக்குக்கு எழுதிய கடிதங்களில் இதைத் தீர்த்தார். இரண்டாவது கடிதத்தில் அவர் தந்த தொகை வேறு வடிவில் இருந்தது. மாறியை மாற்றிப் பிரதியிட்டால் அதுவே ∫₀^∞ xⁿe⁻ˣ dx ஆகிறது.

பின்ன அடுக்குக்கும் மேலே பார்த்த படிகள் அப்படியே செல்லும். n = 3.5 என்றால் 3.5×2.5×1.5×0.5 என்று இறங்கி, x^(−1/2)·e⁻ˣ-இன் பரப்பில் வந்து நிற்கிறோம். x = t² என்று பிரதியிட்டால் இது மணி வடிவ வளைகோட்டின் பரப்பாகிறது. அதன் மதிப்பு √π, அதாவது ஏறக்குறைய 1.772. பெருக்கினால் 11.63 வருகிறது, 6-க்கும் 24-க்கும் நடுவே.

இதற்கும் கீழே இன்னொரு படி இறங்க முடியாது. x^(−1/2) என்பது 0-இல் கட்டுக்கடங்காமல் பெருகுவதால், இதுவரை பூச்சியமாக இருந்த கீழ் எல்லை உறுப்பே கணக்கைக் கெடுத்துவிடும். n = −1 அல்லது அதற்கும் குறைவானால் 0-க்கு அருகிலேயே பரப்பு முடிவிலியாகிவிடுகிறது. அங்கே e⁻ˣ-ஆலும் உதவ முடியாது, ஏனென்றால் 0-க்கு அருகில் அதன் மதிப்பு கிட்டத்தட்ட 1.