பாறையை நகர்த்திய கடவுள்

ஆற்றில் நீந்தும் சிறுவனின் கால் பாறை இடுக்கில் மாட்டிக்கொள்கிறது. தண்ணீரில் மூச்சுத் திணற, அவன் கடவுளை வேண்டுகிறான். அந்த நேரத்தில் கடவுள் உலகின் வேறொரு மூலையில் இன்னொருவரின் வேண்டுதலை நிறைவேற்றிக்கொண்டிருக்கிறார். சற்று நேரத்தில் பாறை ஒன்றைத் தள்ளி, சிறுவன் காலை விடுவித்துக்கொள்ள உதவுகிறார்.

முதல் வேலையை முடித்துவிட்டுத்தான் கடவுள் சிறுவனிடம் வந்தார் என்று இதில் எங்கும் சொல்லவில்லை. ஆனாலும், ஜஸ்டின் பாரெட்டும் ஃபிராங்க் கைலும் இதுபோன்ற கதைகளை அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் கொடுத்துப் பிறகு விசாரித்தபோது, பலர் அப்படிப் படித்ததாகவே நினைவுகூர்ந்தார்கள். அதே மாணவர்களிடம் நேரடியாகக் கேட்டால், கடவுள் எங்கும் இருப்பவர், ஒரே நேரத்தில் எத்தனை வேலையும் செய்வார் என்றார்கள். இது 1996இல் வெளியான ஆய்வு. பின்னர் வட இந்தியாவில் இந்துக்களிடமும் பாரெட் இதைச் செய்து பார்த்தார். ஏறக்குறைய அதே விளைவுதான்.

கோட்பாட்டைச் சொல்லும்போது ஒரு கடவுள், கதையை ஓட்டும்போது இன்னொரு கடவுள். மனிதர்களைப் புரிந்துகொள்ள அன்றாடம் பழகிய மனம், கடவுளையும் அதே அச்சில் வார்த்துக்கொள்கிறது என்பது மதத்தின் அறிவாற்றல் அறிவியலுடைய மையக் கருத்து. புதர் அசைந்தால் காற்று என்று நினைக்குமுன் ‘யாரோ இருக்கிறார்கள்’ என்று தோன்றுகிறதல்லவா? அந்த உஷார்த்தனத்தை ஸ்டூவர்ட் கத்ரீ மதத்தின் வேராகக் கண்டார். நம் பேச்சைக் கேட்கும் மரம் போல, பழகிய பொருளில் ஒரே ஒரு விசித்திரம் சேர்ந்த கருத்துகள்தாம் நினைவில் ஒட்டி ஊர் ஊராகப் பரவுகின்றன என்றார் பாஸ்கல் பாயர்.

எதிர்வாதங்களும் வலுவானவை. பாரெட்டின் கதையே வாசகரை ஒரு பக்கம் தள்ளுகிறது. ‘இன்னொரு வேண்டுதலை நிறைவேற்றிக்கொண்டிருக்கிறார்’, ‘சற்று நேரத்தில்’ என்ற சொற்கள் ஒன்றன்பின் ஒன்று என்ற வரிசையைத் தாமே கொடுத்துவிடுகின்றன. எனவே வெளிப்பட்டது நம்பிக்கையின் இயல்பா, கதை கேட்கும் பழக்கமா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. நம் சிவன் கோயில்களில் இரவில் சுவாமியைப் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்து நடை சாத்துகிறார்கள். எங்கும் நிறைந்தவருக்கு உறக்கமா என்று அங்கே யாரும் தடுமாறுவதில்லை. இங்கே மனித உருவம் மனம் சறுக்கியதால் வந்ததல்ல. வழிவழியாகக் கற்று, தெரிந்தே செய்யும் வழிபாடு. நினைவுச் சோதனையில் இந்த வேறுபாடு பிடிபடாது.

ஜோசப் ஹென்ரிக், வில் ஜெர்வைஸ் இருவரும் கேட்டது இன்னும் நேரடியான கேள்வி: பழைய கிரேக்கர்களின் ஜீயஸுக்கு மனதில் ஒட்டும் குணங்கள் அத்தனையும் இருந்தும், அவர் கதையை ரசிக்கிற நாம் ஏன் அவரைக் கும்பிடுவதில்லை? பிள்ளை நம்புவது, தன்னைச் சுற்றியுள்ளவர்கள் யாருக்காக நோன்பிருக்கிறார்கள், யாருக்காகச் செலவு செய்கிறார்கள் என்று பார்த்துத்தான் என்பது அவர்கள் தரும் விடை. மன அமைப்பு எல்லோருக்கும் ஒன்றாக இருந்தும் ஊருக்கு ஊர் சாமி மாறுவதை இதுதான் விளக்குகிறது.

நம்பிக்கை எப்படி முளைக்கிறது என்று காட்டிவிட்டால் அது பொய்யாகிவிடாது என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். பாரெட்டே கிறிஸ்தவ நம்பிக்கையாளர்.